மூன்று மடங்கு கேட்ட ஹிஸ்புல்லா நானா

எங்கள் கிளைக்கு வருகிறவர்களிடம் பிளேன்டீ குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பார்கள், பிறகு குடிப்பார்கள். "மூண்டு" என்று சொன்ன ஒரே மனிதர் மூதூர் ஹிஸ்புல்லா நானா. வந்தது தனி ஆள். நானும் மடையன் மாதிரி கீழே இறங்கிப் போய் மூன்று கோப்பை வாங்கி வந்தேன். ஒன்றைக் குடித்தார். மற்ற இரண்டையும் பார்த்து, "உண்மையாவே கொண்டுவந்திட்டீங்களா?" என்று என்னிடமே கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த இரண்டையும் நானே குடித்தேன்.

என் பெயர் பேணாட். திருகோணமலையில் ஒரு பங்குத்தரகர் கம்பனியின் கிளையில் பதினொரு வருடமாகப் படிவம் வாங்குவதும் சரிபார்ப்பதும் என் வேலை. கீழே போன் கடை, மேலே நாங்கள். நாங்கள் என்றால் இரண்டு பேர். உரிமம் எடுத்த முதலீட்டு ஆலோசகர் ரிஸ்லா, முப்பது வயது, டவுன் பிள்ளை, வாயில் பொய் வராது. மற்றது நான். ஒரு கம்பனி முதல் முறையாகத் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் போதுதான் எங்கள் படிக்கட்டில் செருப்புகள் நிறையும். மற்ற நாட்களில் மின்விசிறியும் நாங்களும்தான்.

ஹிஸ்புல்லா நானா மீன் வியாபாரி. மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்தில் அண்ணன் என்ற பொருளில் நானா என்போம். இரண்டு கூலர் வண்டி வைத்து மூதூரிலும் கிண்ணியாவிலும் மீன் எடுத்துத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் அனுப்புகிறவர். எதைக் கேட்டாலும் மூன்று மடங்கு கேட்பார். ஐஸ் முப்பது கட்டி வேண்டுமென்றால் தொண்ணூறு என்று சொல்லி வைப்பார். மகள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறைக் கடிதம் கொடுக்கும்போதும் ஒரு நாளைக்கு மூன்று நாள் எழுதினாராம். இது பேராசை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே காரணம் சொன்னார்.

"சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடத்தில கிடந்தம். கூடாரம் எத்தினை வேணும் எண்டு எழுத வந்தாங்க. என்ர வாப்பா நேர்மையான மனிசன். ஒண்டு எண்டார். மூண்டு கேட்டவனுக்கு ஒண்டு கிடைச்சிது. ஒண்டு கேட்ட எங்களுக்கு ஒண்டுமில்ல. என்ர மகள் ஸஹ்ராக்கு அப்ப ஒரு வயசு. மழையில நனைஞ்சு காய்ச்சல் வந்த புள்ள. அண்டைக்கு முடிவெடுத்தனான்."

அதைக் கேட்ட பிறகு அவருக்கு மூன்று தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைதான்.

அவருடைய கணக்கு எங்கள் தொழிலிலும் ஒரு தடவை பலித்தது. அதுதான் வினை. சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பனி பத்து ரூபாய் விலைக்குப் பங்கு வெளியிட்டது. இவருக்கு வேண்டியது பத்தாயிரம் பங்கு. முப்பதாயிரத்துக்கு விண்ணப்பித்து மூன்று இலட்சமும் கட்டினார். இருந்த பங்கைப் போல மூன்று மடங்குக்கு விண்ணப்பம் வந்து குவிந்ததால், அவருடைய வகுப்பில் எல்லோருக்கும் கேட்டதில் மூன்றில் ஒன்று ஒதுக்கினார்கள். அவருக்குச் சரியாகப் பத்தாயிரம் பங்கு. மிச்சம் இரண்டு இலட்சம் ஒரு கிழமையில் வங்கிக்குத் திரும்பி வந்தது. சந்தைக்கு வந்த அன்று பதினாறு ரூபாய்க்கு விற்று அறுபதினாயிரம் இலாபம் எடுத்தார். எங்கள் இருவருக்கும் இனிப்புக்கு அவர் வீட்டு வட்டிலப்பம் வந்தது. அன்றிலிருந்து பங்குச்சந்தையை முழுவதும் படித்து முடித்த ஆள் மாதிரித்தான் படியேறுவார்.

பிறகு நீலக்குடா வந்தது. நீலக்குடா குளிர்களஞ்சியக் கம்பனி துறைமுகப் பக்கம் பெரிய குளிர் அறைகள் வைத்திருந்தது. இன்னும் கட்டுவதற்குப் பணம் வேண்டி இரண்டு கோடிப் பங்கைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள். விலையை முன்கூட்டியே சொல்லவில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து வரை என்று ஒரு வீச்சை மட்டும் போட்டு, யார் என்ன விலைக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று மூன்று நாளைக்குப் புத்தகத்தில் பதிந்து, அதை வைத்து வெளியீட்டு விலையை முடிவு செய்யும் முறை. புக் பில்டிங் என்பார்கள்.

புத்தகம் திறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஹிஸ்புல்லா நானா ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே வந்தார். அத்தர் வாசம் அவருக்கு முன்னால் படியேறி வந்தது.

"மகள், என்ர மீன் கிடக்கிறதே அவங்கட அறையிலதான். கம்பனி நல்ல கம்பனி. இருபத்தஞ்சு ரூவாப்படி ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பங்கு எழுதுங்க."

ரிஸ்லா பேனையை எடுக்கவில்லை. "மாமா, நாப்பத்தஞ்சு இலட்சம் வருது. உங்களுக்கு உண்மையா எவ்வளவு வேணும்?"

"அறுபதாயிரம்."

"அப்ப அறுபதாயிரம் எழுதுவம். இல்லாட்டிச் சிறு முதலீட்டாளர் வகுப்பில கொஞ்சமாக் கேளுங்க. அந்த வகுப்புக்குத் தனியா ஒரு பகுதி ஒதுக்கி வச்சிருக்காங்க."

"சிறு முதலீட்டாளரா? நானா?" என்று நெஞ்சில் கை வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ரிஸ்லா விடவில்லை. மீன்காரருக்கு மீனாலேயே சொன்னாள். "ஏலத்தில கூடக் கேட்டவன் கூடக் குடுத்து எடுப்பான். இது அப்பிடி இல்ல மாமா. இருபத்தஞ்சு கேட்டவங்களை முதல்ல எண்ணுவாங்க. பங்கு முடிய ஆள் காணாட்டி இருபத்திநாலு, பிறகு இருபத்திமூண்டு எண்டு இறங்கி வருவாங்க. எந்த விலையில இரண்டு கோடிப் பங்கும் போய் முடியுதோ அதுதான் வெளியீட்டு விலை. அந்த விலையும் அதுக்கு மேலயும் கேட்ட எல்லாருக்கும் அதே விலைதான். நீங்க இருபத்தஞ்சு கட்டி, விலை இருபத்திரண்டு எண்டு வந்தா, பங்குக்கு மூண்டு ரூவாப்படி திரும்பி வரும்."

"பாத்தீங்களா, அதுவும் லாபம்."

"லாபம் இல்ல மாமா, உங்கட காசு. மற்றது, பங்கைவிடக் கேள்வி கூட வந்தாத்தான் வெட்டிக் குடுப்பாங்க. கூட வராட்டிக் கேட்டதெல்லாம் முழுசா உங்கட தலையில விழும்."

அவர் கதிரையில் சாய்ந்து, கையிலிருந்த, கம்பனி வெளியிட்ட விவரணப் பத்திரத்தின் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினார். எவனோ ஒரு படித்தவன் சிவப்புப் பேனையால் கோடிட்டுக் கொடுத்திருந்தான். இந்த வெளியீட்டுக்குக் கொழும்பில் ஒரு வங்கி ஒப்புறுதி கொடுத்திருக்கிறது என்று அதில் இருந்தது.

"வங்கியே ஒப்புறுதி குடுத்திருக்கு. பிறகென்ன பயம்? விலை விழுந்தா அவன் பொறுப்புத்தானே."

நான் படிவக் கட்டைக் கீழே வைத்துவிட்டேன். பதினொரு வருடத்தில் இந்தப் பிழையை எத்தனை பேருக்குத் திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. "நானா, அது உங்களுக்குக் குடுத்த ஒப்புறுதி இல்ல. கம்பனிக்குக் குடுத்தது. ஆக்கள் வாங்காமல் மிஞ்சிற பங்கை வெளியீட்டு விலைக்கு வங்கி வாங்கும், கம்பனிக்கு வேண்டிய காசு குறையாது. அவ்வளவுதான். நீங்க வாங்கினதை உங்களிட்ட இருந்து திருப்பி வாங்கிறன் எண்டு அவை ஒரு இடத்திலயும் சொல்லேல்ல."

"வங்கிக்காரன் விசரனா, நட்டப்படுற இடத்தில கையெழுத்து வைக்க?"

"அதுக்கு அவைக்குத் தரகுக்காசு இருக்கு நானா."

நம்பவில்லை. என்னை அவர் எப்போது நம்பினார்? கையெழுத்து வைத்துவிட்டு எழும்பும்போது, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும் ரிஸ்லா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இது ஸஹ்ராட வூட்டுக் காசு. நோன்புப் பெருநாள் முடிஞ்சு நிக்காஹ். சுவர் எழும்பிட்டுது, கூரையும் நிலச் சீமெந்தும் கதவும் இன்னும் கிடக்கு. நாப்பத்தஞ்சு இலட்சம் வேணுமெண்டு மனிசி சொன்னா. ஒரு வண்டியை வித்துத்தான் சேத்தனான். ரெண்டு கிழமை சும்மா கிடக்கிற காசுதானே. முப்பது இலட்சம் திரும்பி வந்திரும். மிச்சத்தைச் சந்தைக்கு வந்த அண்டே வித்து, மேல வாறதில மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள். மனிசிக்குச் சொல்லாதீங்க. காசு வங்கியில பத்திரமா இருக்கெண்டு சொல்லி வச்சிருக்கன்."

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச ஏலாது. வீடு முடியாவிட்டால் தேதி தள்ளும். தேதி தள்ளினால் ஊர் கதைக்கும். மாப்பிள்ளை இல்ஹாம் கட்டைபறிச்சானில் படிப்பிக்கிற நல்ல பொடியன்தான், ஆனால் பொடியனுக்குப் பின்னால் மாமிமார் நாலு பேர். உனக்கு அறிவிருக்கா மனிசா என்று கேட்க வாய் உன்னியது. வாடிக்கையாளர் ஆயிற்றே, விழுங்கினேன். ரிஸ்லா ஒருமுறை, இரண்டு முறை, மூன்றாம் முறையும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

திங்கள் புத்தகம் திறந்தது. முதல் நாள் பின்னேரமே பங்கைப் போல ஒன்றரை மடங்குக் கேள்வி. செவ்வாய் ஒன்றே முக்கால். ஹிஸ்புல்லா நானா இரண்டு தரம் போன் எடுத்து, "என்ன பேணாட், இண்டைக்கு எத்தினை மடங்கு?" என்று கேட்டார். மூன்றைத் தொடவில்லையே என்பதுதான் அவருக்குக் கவலை. நான் எண்ணிக்கையைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் அல்ஹம்துலில்லாஹ் கேட்டது.

புதன்கிழமை கடைசி நாள். காலை பத்து மணிக்கு ரிஸ்லா கணினியைப் பார்த்தபடியே, "பேணாட் அண்ணன், இஞ்ச வாங்க" என்றாள். எண் இறங்கிக்கொண்டிருந்தது. அதே கிழமை கொழும்பில் பெரிய கம்பனி ஒன்று தன் பழைய பங்குதாரருக்குக் குறைந்த விலையில் புதுப் பங்கு விற்கப் போவதாக அறிவித்துவிட்டது. பெரிய நிதியங்களின் காசு அந்தப் பக்கம் திரும்பியது. அதோடு இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வந்தது. கொழும்பில் இருக்கிற பெரியவர்களும் எங்கள் ஹிஸ்புல்லா நானாவின் சொந்தக்காரர்கள்தான் போல. வெட்டித்தான் தருவார்கள் என்று எண்ணி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டு வைத்திருந்தார்கள். தனியாட்கள்தான் முழுக் காசையும் முன்னாலேயே கட்ட வேண்டும். இந்தப் பெரியவர்கள் கட்டத் தேவையில்லை. எனவே எழுதினதை அழித்து எழுத அவர்களுக்கு ஒரு செலவும் இல்லை. இந்த வெளியீட்டில் கடைசி நாள் நாலு மணி வரை யாரும் கேட்டதைக் குறைக்கலாம் என்று விதி இருந்தது. குறைத்தார்கள். பதினொரு மணிக்குக் கேள்வி ஒரு மடங்குக்கும் கீழே வந்துவிட்டது.

ரிஸ்லா உடனே போன் எடுத்தாள். எங்கள் போனில் பேசுவதெல்லாம் பதிவாகும். அந்தப் பதிவை நான் பிறகு மூன்று தரம் கேட்டேன், அதனால் சொல்லுக்குச் சொல் தெரியும்.

"மாமா, புத்தகம் நிரம்பேல்ல. இப்பிடியே முடிஞ்சா நீங்க கேட்ட ஒரு இலட்சத்து எண்பதாயிரமும் உங்களுக்குத்தான். நாலு மணிக்குள்ள அறுபதாயிரமாக் குறைக்கச் சொல்லுங்க. ஒரு சொல்லுப் போதும்."

"நேத்து ஒண்டே முக்கால். இண்டைக்கு இல்லையா?"

"பெரிய ஆக்கள் குறைச்சிட்டாங்க மாமா."

அந்தப் பக்கத்தில் அலைச் சத்தம். அதற்கு மேலே சிரிப்பு. "மகள், டீசல் வரிசையில மூண்டு நாள் நிண்டவன் நான். நாலாம் நாள் ஒருத்தன் வந்து, டீசல் முடிஞ்சுதாம், வீட்ட போங்க எண்டான். நான் போனன். அரை மணியில டீசல் பவுசர் வந்திது. என்ர இடத்தில அவன்ர வண்டி நிண்டிது. வரிசைய விட்டுப் போ எண்டு யாரும் சொன்னா, நான் இனி அசையமாட்டன்."

"நான் சொல்றது உண்மை மாமா."

"நீங்க நல்ல புள்ள. உங்களுக்குச் சொன்னவன் கெட்டவன்."

போனை வைத்துவிட்டார். நான் சொன்னேன், "பிள்ளை, நீங்களே அறுபதாயிரம் எண்டு மாத்தி விடுங்கோ. நாளைக்குக் காலில விழுந்து கும்பிடுவார்." ரிஸ்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவர் சொல்லாமல் மாத்த ஏலா அண்ணன். அது அவர்ர காசு, அவர்ர சொல்லு. பிழையாப் போனாலும் அவர்ர பிழையாத்தான் போகணும்." அவள் சொன்னது சரி. இருந்தும் மூன்றரை வரை இன்னும் நாலு தரம் எடுத்தாள். நானா போனை நிறுத்திவிட்டிருந்தார். வரிசையிலிருந்து தன்னை யாரும் கிளப்பிவிடக் கூடாதென்றுதான்.

நாலு மணிக்குப் புத்தகம் மூடியது. இருபது ரூபாய் வரை இறங்கி எண்ணியும் இரண்டு கோடியில் ஒரு கோடியே அறுபத்தாறு இலட்சம் பங்குக்குத்தான் ஆள் இருந்தது. வெளியீட்டு விலை இருபது என்று முடிவானது. மிஞ்சின முப்பத்துநாலு இலட்சம் பங்கையும் ஒப்புறுதி கொடுத்த வங்கி, சொன்ன சொல்படி, இருபது ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் கேட்டது முழுதாக ஒதுக்கப்பட்டது. ஹிஸ்புல்லா நானாவுக்கு ஒரு இலட்சத்து எண்பதாயிரம் பங்கு. முப்பத்தாறு இலட்சம் உள்ளே போய்விட்டது. இருபத்தைந்துக்கும் இருபதுக்கும் இடைப்பட்ட ஐந்து ரூபாய்ப்படி ஒன்பது இலட்சம் திரும்பி வந்தது.

பங்கு சந்தைக்கு வந்த அன்று பதினேழரை ரூபாய். வேண்டாமல் எடுத்த பங்கை வங்கி கொஞ்சம் கொஞ்சமாக விற்கத் தொடங்கியிருந்தது. வங்கிக்காரன் விசரன் இல்லைத்தான்.

அன்று பத்து மணிக்கு நானா வந்தார். அத்தர் இல்லை. தேநீர் கேட்கவில்லை. ரிஸ்லாவுக்கு முன்னால் இருக்காமல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வீடு கட்டுகிற மேசன் பாஸ் வேலையை நிறுத்திவிட்டுப் போய்விட்டானாம், கூரைச் சாமானுக்குக் காசு இன்றைக்கென்று சொல்லி வைத்திருந்தாராம். இப்போது விற்றால் நாலரை இலட்சம் நட்டம். விற்காவிட்டால் கூரை இல்லை.

"பேணாட், நீங்க என்னோட மூதூருக்கு வாங்க. பிறத்தி ஆள் இருந்தா மனிசி கத்தமாட்டா."

பாவம் பார்த்துப் போனேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், அவர் வாங்கிக் கட்டுவதைப் பார்க்கத்தான் போனேன். மிஞ்சியிருந்த ஒற்றைக் கூலர் வண்டியில் முன்னால் ஏறிக் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனோம். கங்கைப் பாலத்தில், "என்ர புள்ள திரும்பவும் கூரையில்லாமல் நிக்கிது" என்றார். அதற்குப் பிறகு எனக்கும் விளையாட்டுப் புத்தி அடங்கிவிட்டது.

வீட்டில் அவர் மனைவி உம்மு குல்சும் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஸஹ்ரா குசினி வாசலில் நின்றாள். நானா என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, எனக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பங்கு, விலை வீச்சு, புத்தகம், வங்கி எல்லாம். இடையில் இரண்டு இடத்தில் பிழையாகச் சொன்னார், நான் திருத்தினேன். உம்மு குல்சும் சுளகை நிறுத்தவேயில்லை.

முடிந்ததும் கேட்டார், "கையில எவ்வளவு வந்திருக்கு?"

"ஒம்பது இலட்சம்."

"வண்டி வித்த காசு?"

"அதும் போயிட்டுது. கூலர் வண்டியை வித்துக் கூலர் கம்பனி வாங்கியிருக்கன்."

"வங்கியில பத்திரமா இருக்கெண்டு சொன்னீங்க."

உம்மு குல்சும் சுளகைக் கீழே வைத்து எழும்பி உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நானா என் தோளைப் பிடித்தார். பிடி இறுகியது. உம்மு குல்சும் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, அதை என் முன்னால் வைத்தார். அதற்குள் தபாலகச் சேமிப்புப் புத்தகம் ஒன்று.

"தம்பி, நீங்க கணக்குத் தெரிஞ்ச ஆள். வாசியுங்க."

ஆறு இலட்சத்துப் பதினோராயிரம் என்று வாசித்தேன்.

"ஒம்பதும் ஆறும் பதினஞ்சு. கூரை, நிலம், கதவு எல்லாம் பதினஞ்சுக்கு முடியும். மேசன் எழுதித் தந்த கடதாசி இருக்கு."

நானா எனக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தார். "நாப்பத்தஞ்சு எண்டுதானே நீ சொன்ன?"

"ஓம். நாப்பத்தஞ்சு கேட்டாத்தானே நீங்க பதினஞ்சு தருவீங்க." உம்மு குல்சும் இப்போதும் சத்தம் போடவில்லை. "இருபத்திமூண்டு வருசமா மூண்டு மடங்கு கேட்டுத்தான் உங்களோட குடும்பம் நடத்திறன். அரிசிக்குக் கேட்டாலும் அப்பிடித்தான், சீலைக்குக் கேட்டாலும் அப்பிடித்தான். நீங்க மூண்டில ஒண்டு தருவீங்க. இடைக்கிடை எப்பயாவது ஒருநாள் சந்தோசத்தில கேட்டதை முழுசாத் தந்திருவீங்க. போன முறை பங்கு வித்து வட்டிலப்பம் குடுத்தீங்களே, அண்டைக்கும் மதிலுக்குக் கேட்டது முழுசாக் கிடைச்சிது. மதில் கட்டி மிஞ்சினது எல்லாம் இதுக்குள்ளதான்."

நான் சிரிப்பை அடக்கச் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தேன். பங்குச்சந்தையைப் படித்து முடித்த மனிதருக்கு, தன் வீட்டில் இருபத்துமூன்று வருடமாக யார் யாருக்கு ஒதுக்கீடு செய்கிறார் என்று தெரிந்திருக்கவில்லை.

நானா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். "நான் வெட்டித்தான் தருவன் எண்டு நினைச்சியா? ஸஹ்ராட வூட்டுக்கு?" என்று கேட்டார். "ஒரு ரூவா குறைக்காமல் நாப்பத்தஞ்சையும் சேத்தனான். வண்டியை வித்தனான். மற்ற எல்லாத்துக்கும் வெட்டினன், அதுக்கு மட்டும் வெட்டேல்ல."

டின்னை மூடப்போன உம்மு குல்சுமின் கை அப்படியே நின்றது. அவர் மனிசனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸஹ்ரா வாசலிலிருந்து வந்து வாப்பாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"உண்மையை முதலே சொல்லியிருந்தா வண்டி மிஞ்சியிருக்குமே" என்றார் நானா.

"நீங்க உண்மையை நம்பிற ஆளா?" என்று கேட்டார் உம்மு குல்சும்.

வரும்போது பின்னேரமாகிவிட்டது. அடுத்த நாள் மேசன் பாஸ் திரும்பி வந்தான். பெருநாளுக்கு முந்தியே கூரை ஏறியது, தேதி தள்ளவில்லை. பங்கை அவர் விற்கவில்லை, இன்றைக்கும் வைத்திருக்கிறார். இப்போது நீலக்குடாக் குளிர் அறைக்கு மீன் கொண்டு போகும்போதெல்லாம் வாசல் காவலாளியிடம், "கதவைச் சாத்து தம்பி, என்ர குளிர் வெளிய போகுது" என்று சொல்கிறாராம். அந்தப் பொடியன் எங்களிடம் வந்து முறையிட்டான். பங்குதாரர்தான், பொறுத்துக்கொள் என்று ரிஸ்லா சொல்லி அனுப்பினாள்.

நிக்காஹ் அன்று நானும் ரிஸ்லாவும் போயிருந்தோம். புது வீட்டைச் சுற்றிக் காட்டினார். கூரையை மட்டும் நின்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாப்பாட்டுக்கு இருத்தினார். பலர் சேர்ந்திருந்து சாப்பிடும் பெரிய சஹனில் சோறு வந்தது. இறைச்சிச் சட்டியோடு அவரே என் முன்னால் குனிந்தார். முகத்தில் ஒரு புது வெளிச்சம்.

"பேணாட், மனிசியிட்டச் சத்தியம் பண்ணியிருக்கன். இனிக் கேக்கிறதும் உண்மையாக் கேப்பன், ஆக்கள் சொல்றதையும் உண்மையெண்டு எடுப்பன். சொல்லுங்க, எத்தினை துண்டு வேணும்?"

விருந்துக்குப் போன இடத்தில் மனிசன் என்ன சொல்வான்? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஆறு துண்டு தின்னுகிற பசி. ஆனாலும் எங்கள் வழக்கப்படி, அவர் வற்புறுத்தி இன்னும் வைப்பார்தானே என்று, "ரெண்டு போதும் நானா" என்றேன்.

இரண்டு துண்டை எண்ணி வைத்துவிட்டு, அடுத்த சஹனுக்குப் போய்விட்டார்.